புடவை சரியாக விழவில்லையா? உள்பாவாடையை முதலில் பாருங்கள்

எங்கள் புளோக்கில் கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி என்று வந்துவிட்டால் புடவை கட்டிவிடச் சொல்லி யாராவது கதவைத் தட்டுவார்கள். பல வருடங்களாகக் கட்டிவிடுகிறேன். "புடவை சரியில்லை, துணி வழுக்குது, கொசுவம் நிக்கல" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் புடவையைத் தொடாமலேயே சரிசெய்திருக்கிறேன். கோளாறு உள்ளே இருக்கும் பாவாடையில்தான் இருக்கும். திரும்பத் திரும்ப நான் பார்க்கும் கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில் வரும், தையல்காரரிடம் போக வேண்டியது கடைசியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். புடவை இல்லாமல், அன்றைக்குப் போடப்போகும் செருப்போடு, உள்பாவாடையை மட்டும் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் பத்து அடி நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். ஒரு முக்காலியில் ஏறி இறங்குங்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் பாவாடை இழுத்தாலோ இறங்கினாலோ, அதன்மேல் எந்தப் புடவையைக் கட்டினாலும் அதே கோளாறுதான் பெரிதாகத் தெரியும்.

அறிகுறி 1: நடந்தால் கால் இழுக்கிறது, கொசுவம் பிரிந்துபோகிறது

இந்தச் சில வருடங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் பெரும்பாலும் மீன்வால் பாவாடை, அதாவது இடுப்பிலிருந்து முழங்கால்வரை உடம்போடு ஒட்டி, கீழே கொஞ்சம் விரியும் இழுவைத் துணிப் பாவாடை. ஷேப்வேர் என்று விற்பதும் இதுதான். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அழகாக இருக்கும். நடக்கத் தொடங்கியதும் தொல்லை.

என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிராங்கூன் சாலைக் கோயிலில் தோழியின் கல்யாணம். நல்ல கனமான காஞ்சிபுரம் பட்டு, உள்ளே இணையத்தில் வாங்கிய மீன்வால் பாவாடை. லிஃப்டிலிருந்து டாக்சிக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது. "சித்தி, ஒவ்வொரு அடிக்கும் கொசுவம் ரெண்டா பிரியுது, படி இறங்கவே முடியல." திரும்பி வரச் சொன்னேன்.

முதலில் பாவாடையின் கீழ்ச்சுற்றளவை அளந்தோம். இழுக்காமல் 46 அங்குலம், இழுத்துப் பிடித்தால் 58. இடதுபக்கம் ஒரு பிளவு இருந்தது, ஆனால் முழங்காலுக்கு வெகுகீழேயே அதைத் தைத்து மூடியிருந்தார்கள். அந்தத் தையலை முழங்கால்வரை பிரித்துவிட்டேன். கால் இழுப்பது உடனே நின்றது. கொசுவம் பிரிவது மட்டும் நிற்கவில்லை.

அதற்குக் காரணம் வேறு. காஞ்சிபுரம் பட்டு கனம். கொசுவம் நேராகத் தொங்க வேண்டுமென்றால் உள்ளே சாய்வாக விரிந்து நிற்கும் ஒரு துணி அதைத் தாங்க வேண்டும். மீன்வால் பாவாடையில் தொடையும் முழங்காலும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குத் துணி ஒட்டியிருக்கிறது. பட்டு இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் போய் விழுகிறது, முழங்கால் முன்னால் வரும்போது கொசுவத்தை நடுவில் பிளக்கிறது. என்னுடைய பழைய ஆறு துண்டு காட்டன் பாவாடையைக் கட்டிவிட்டேன். அதன் கீழ்ச்சுற்றளவு 90 அங்குலம். அதே புடவை, அதே ஏழு கொசுவம். ஒட்டாமல், பிரியாமல் காலுக்கு முன்னால் பலகை மாதிரி நின்றது. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டாள்.

அந்த மீன்வால் பாவாடையைத் தூக்கி எறியவில்லை. ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற லேசான துணிக்கு அது நன்றாகவே உட்காரும், ஏனென்றால் அந்தத் துணியே உடம்பைத் தழுவி ஓடுகிற துணி. பட்டு, கஞ்சி போட்ட காட்டன், ஆர்கன்சா மூன்றுக்கும் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களுடையதைச் சரிபார்க்க இந்த வரிசையில் போங்கள்.

பாவாடையின் கீழ் ஓரத்தைத் தரையில் விரித்து அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 70 அங்குலத்துக்குக் குறைவாக இருந்து, பிளவும் இல்லையென்றால் சாதாரண நடைக்கே போதாது. பேருந்துப் படி, கோயில் படி ஏறவே முடியாது. பிளவு இருந்தால் அதைத் தைத்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள், பல பாவாடைகளில் கடையிலேயே பாதி மூடியிருக்கும். பிரிப்பதற்குக் காசு இல்லை. பிரித்த முனையில் குறுக்கே நாலு தையல் போடுங்கள், இல்லாவிட்டால் நடக்க நடக்கத் துணி மேலே கிழியும்.

சுற்றளவு போதுமானதாக இருந்தும் கொசுவம் பிரிந்தால் பாவாடையின் நீளத்தைப் பாருங்கள். புடவையின் கீழ் ஓரத்தைவிடப் பாவாடை நாலைந்து அங்குலம் குட்டையாக இருந்தால், அந்தக் கடைசிப் பகுதிக்கு உள்ளே தாங்கல் இல்லை. அது குதிகாலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், மாட்டியது கொசுவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். எம்ஆர்டி எஸ்கலேட்டரில் இப்படித் தொங்கும் ஓரம் ஆபத்து, சிரமம் பார்க்காமல் ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

நீளமும் சரியென்றால் புடவைக்கு ஃபால்ஸ் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் கீழ் ஓரத்தில் நாலைந்து அங்குல அகலத்துக்குப் போடும் காட்டன் பட்டி அது. பாவாடை உள்ளிருந்து தாங்குகிறது, ஃபால்ஸ் கீழே கனம் கொடுத்து இழுக்கிறது. இரண்டில் ஒன்று இல்லையென்றால் மற்றதால் முழு வேலையும் செய்ய முடியாது. ஃபால்ஸ் தைப்பதைத் தையல்காரரிடமே விடுங்கள். கைத்தையல் இறுக்கிவிட்டால் பார்டர் சுருங்கி அலை அலையாக நிற்கும், பிரித்துத் தைத்தாலும் பட்டில் ஊசித்தடம் போகாது.

அறிகுறி 2: கட்டி ஒரு மணி நேரத்தில் புடவை இறங்குகிறது

எல்லாரும் செய்வது நாடாவை இன்னும் இறுக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

பாவாடையை மட்டும் கட்டிக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் இடுப்புப் பட்டிக்குள் விட்டு மெல்ல கீழே தள்ளிப் பாருங்கள். பாவாடையே இறங்கினால் கோளாறு நாடாவில். பாவாடை அசையாமல் புடவை மட்டும் இறங்கினால் கோளாறு பாவாடைத் துணியில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

*பாவாடையே இறங்குகிறது என்றால்:* நாடாவைத் தொட்டுப் பாருங்கள். இப்போது கடைப் பாவாடைகளில் பளபளப்பான நைலான் கயிறு வருகிறது. அதில் முடிச்சு நிற்காது, வியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம் தளரும். அதை உருவிவிட்டு அரை அங்குல அகலக் காட்டன் நாடா கோத்துக்கொள்ளுங்கள். நாடா முனையில் ஊக்கைக் குத்தி, பட்டிக்குள் விட்டு, வெளியிலிருந்து விரலால் ஊக்கைத் தள்ளிக்கொண்டே போனால் ஐந்து நிமிட வேலை. கோத்து முடித்ததும் நாடாவின் நடுப்பகுதியைப் பின்பக்கம் பட்டியோடு சேர்த்து இரண்டு தையல் போட்டுவிடுங்கள். இனிமேல் துவைக்கும்போது ஒருபக்கம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளாது, கட்டும்போதும் இருபக்கமும் சமமாக இழுக்கும். முதல் முடிச்சில் நாடாவை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றுங்கள். மேலே சுருக்கு போடும் நேரத்தில் அது தளராமல் இருக்கும்.

*புடவை மட்டும் இறங்குகிறது என்றால்:* பாவாடை சாட்டினாக இருக்கும். சாட்டின்மேல் பட்டையோ ஜார்ஜெட்டையோ சொருகினால் இரண்டும் வழுக்கும் துணி, பிடிப்பு எங்கிருந்து வரும்? புதிதாக வாங்குவதற்குமுன் இதைச் செய்து பாருங்கள். அதே நிறத்தில் மூன்று அங்குல அகலக் காட்டன் துணியைப் பாவாடையின் இடுப்பில் வெளிப்பக்கமாகச் சுற்றித் தைத்துவிடுங்கள். சொருகும் இடம் முழுவதும் காட்டன், கீழே ஓடும் இடம் சாட்டின். ஜார்ஜெட்டின் ஓட்டமும் கெடாது, சொருகலும் நிற்கும். என்னிடம் இருக்கும் எல்லா சாட்டின் பாவாடையும் இப்படித்தான் இருக்கின்றன.

பாவாடை காட்டனாக இருந்தும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொருகல் கழன்றுவந்தால், நாடா முடியும் இடத்தில் இருக்கும் திறப்பைப் பாருங்கள். ஐந்தாறு அங்குலத்துக்குப் பிளந்திருக்கும், அங்கே சொருகினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பாவாடையைத் திருப்பி, திறப்பு கொசுவத்துக்கு நேராக வராமல் பக்கவாட்டில் வருமாறு கட்டுங்கள். அதுவும் போதவில்லையென்றால் திறப்பின் நடுவில் ஒரு கொக்கி வைத்துத் தைத்துவிடலாம்.

அறிகுறி 3: இடுப்பில், வயிற்றில் புடைத்துக்கொண்டு நிற்கிறது

உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் புடைப்பது பெரும்பாலும் துணிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு கொசுவம் சொருகினால் அந்த ஒரு கையளவு இடத்தில் பதினாலு மடிப்புத் துணி உட்காருகிறது. அதன் அடியில் பாவாடையின் சுருக்கமும் நாடா முடிச்சும் சேர்ந்தால் புடைக்காமல் என்ன செய்யும்?

நாடாவைக் கட்டுவதற்குமுன் முன்பக்கச் சுருக்கம் எல்லாவற்றையும் விரலால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தள்ளிவிடுங்கள். தொப்புளுக்கு இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் துணி தட்டையாக இருக்க வேண்டும். முடிச்சு பக்கவாட்டில், கொசுவம் வராத இடத்தில் இருக்கட்டும். பல பேருக்கு இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் நாடாவைத் தளர்த்திப் பட்டியை முழுவதும் விரித்து அளந்து, உங்கள் இடுப்புச் சுற்றளவோடு ஒப்பிடுங்கள். பத்து அங்குலத்துக்குமேல் அதிகமாக இருந்தால் உங்கள் அளவுக்குப் பெரிய பாவாடை. எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று தைத்த கடைப் பாவாடையில் இது சகஜம். இதற்குத் தையல்காரரிடம் போவதுதான் வழி. தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறுமனே "அளவு குறைச்சுக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள், நாடா வைத்த அதே சுருக்கத்தோடு திரும்பி வரும். "முன்பக்கம் சுருக்கம் வேண்டாம், தட்டைப் பட்டி போடுங்க, பின்னால மட்டும் எலாஸ்டிக், பக்கத்துல கொக்கி" என்று சொல்லுங்கள். ஆர்கன்சா, டிஷ்யூ மாதிரி தானாகவே விறைத்து நிற்கும் புடவைகளுக்கு இப்படி ஒரு பாவாடை கட்டாயம் வேண்டும்.

அறிகுறி 4: புடவை காலோடு ஒட்டிக்கொள்கிறது

இதில் இரண்டு வகை உண்டு. சிங்கப்பூரில் நாம் அதிகம் பார்ப்பது வியர்வை ஒட்டல். பேருந்து நிறுத்தத்திலிருந்து மண்டபம்வரை நடந்தாலே தொடைக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் துணி திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், கையால் இழுத்துவிட்டால் மெதுவாகப் பிரியும். மற்றது உராய்வில் வரும் மின்சார ஒட்டல். ஏசி அதிகமாக வைத்த மண்டபத்தில், பாலியஸ்டர் பாவாடைமேல் பாலியஸ்டர் புடவை கட்டியவர்களுக்கு வரும். இழுத்துவிட்டால் சட்டென்று திரும்ப வந்து ஒட்டும், சில நேரம் சடசடவென்று சத்தமும் கேட்கும்.

வியர்வை ஒட்டலென்றால் பாவாடையை மெல்லிய காட்டனுக்கு மாற்றுவதுதான் தீர்வு. உள்ளே முழங்கால்வரை ஒரு காட்டன் ஷார்ட்ஸ் போட்டால் தொடை உரசுவதும் நிற்கும். மின்சார ஒட்டலென்றால் போன இடத்திலேயே சரிசெய்யலாம். ஈரக்கையைப் பாவாடையின் உள்பக்கம் ஒருமுறை தடவுங்கள், அல்லது காலில் கொஞ்சம் லோஷன் பூசுங்கள். கிளம்புவதற்குமுன் கம்பி ஹேங்கரைப் பாவாடைக்கும் புடவைக்கும் நடுவில் மேலிருந்து கீழே ஓடவிட்டாலும் அடங்கும். ஆனால் அன்றைக்கு மட்டும்தான் அடங்கும். அடுத்த முறை அந்தப் புடவைக்கும் காட்டன் பாவாடையையே எடுங்கள்.

அறிகுறி 5: பாவாடை கீழே எட்டிப் பார்க்கிறது, அல்லது புடவைக்குள் தெரிகிறது

கீழே தெரிந்தால் நீளம் தவறு. செருப்போடு நின்று, நாடா கட்டும் இடத்திலிருந்து தரைவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து ஓர் அங்குலம் குறைத்தால் உங்கள் பாவாடை நீளம். புதுக் காட்டன் பாவாடையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். ஊறவைக்காமல் வெட்டினால் முதல் சலவையில் அங்குலக் கணக்கில் சுருங்கி, நீளத்துக்குப் பதில் குட்டைப் பிரச்சினையில் வந்து நிற்கும். நீளத்தைக் குறைக்கக் குழந்தைகள் பாவாடைக்கு வைப்பதுபோல் நடுவில் மடிப்பு வைத்துத் தைக்காதீர்கள். அந்த மடிப்பு ஒரு வளையம் மாதிரி விறைத்து, மெல்லிய புடவைக்குள் முழங்காலுக்குக் கீழே கோடாகத் தெரியும். கீழே வெட்டி ஒல்லியாக ஓரம் அடிப்பதுதான் சரி.

உள்ளே தெரிந்தால் நிறம் தவறு. புடவையை இரண்டு மடிப்பாகப் பாவாடைமேல் போட்டு ஜன்னல் பக்கம் பாருங்கள். அப்புறம் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள், மண்டபத்தில் எல்லாரும் எடுக்கப்போவது அந்தப் படத்தைத்தான். வெள்ளை, சந்தன நிற மெல்லிய புடவைக்குள் வெள்ளைப் பாவாடை பளிச்சென்று தெரியும், உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய பாவாடை தெரியாது. இரண்டு நிறப் புடவையென்றால் கொசுவத்தில் வரும் நிறத்துக்குப் பொருத்துங்கள்.

அறிகுறி 6: இடுப்பில் நாடாத் தடம், கறுப்பு, புண்

பாவாடையை அவிழ்த்ததும் சிவப்புத் தடம் இருந்து, ராத்திரிக்குள் மறைந்தால் நாடாவைத் தளர்த்தினால் போதும். கட்டியபின் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகல நாடா, முடிந்தால் எலாஸ்டிக் பட்டி வையுங்கள். ஒரே கோட்டில் தினமும் கட்டாமல் அரை அங்குலம் மேலே கீழே மாற்றிக் கட்டுங்கள்.

தடம் மறையாமல் தோல் கறுத்து, தடித்து, செதில் விட்டால் சில வாரங்களுக்கு நாடாவே வேண்டாம். தளர்வான உடையில் இருங்கள். பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு அதன்மேலேயே கட்டுவது நம் அம்மா, பாட்டி தலைமுறையில் பழக்கமாகிவிட்டது. அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

புண் வந்து, இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் இது தையல்காரர் வேலை இல்லை, பாலிகிளினிக் போக வேண்டிய நேரம். 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இந்திய மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவருக்கு எழுபது வயது. இடுப்பில் நாடா அழுத்தும் இடத்தில் வந்த புண் பதினெட்டு மாதங்களாக ஆறாமல் இருந்து, பரிசோதித்தபோது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. இது அரிதாக வருவது, பயந்துவிட வேண்டாம். ஆனால் வருடக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தமும் உரசலும் வியர்வையும் சேர்ந்தால் தோல் தாங்காது. தினமும் புடவை கட்டும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். நாடா மாற்றித் தருகிறேன் என்று பாவாடையை வாங்குங்கள், அந்தச் சாக்கில் இடுப்பையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது வழக்கமாகக் கட்டும் பாவாடையையே கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். புண்ணும் நாடாவும் ஒரே கோட்டில் இருப்பதை அவரே நேரில் பார்க்கட்டும்.